வராத கடனுக்கு ஏறும் வட்டி

2017 ஏப்ரலில், வட கடலில் நின்ற ஷெல் நிறுவனத்தின் ‘பிரென்ட் டெல்டா’ எண்ணெய் மேடையின் மேற்கட்டு, ஏறத்தாழ 24,000 டன், ஒரே தூக்கில் கழற்றி எடுக்கப்பட்டது. உடைப்பதற்காக அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்குப் போனது. இப்படிப்பட்ட செலவு கையைவிட்டுப் போவது கடைசியில்தான். ஆனால் மேடையை நட்ட அன்றே அதை அகற்றும் கடமையும் பிறந்துவிடுகிறது என்பது இன்றைய கணக்கியல் தரமான ஐஏஎஸ் 37-இன் நிலை.

கற்பனையாக ஒரு மேடை. 20 ஆண்டு கழித்து அகற்ற 10 கோடி பவுண்டு வேண்டும். தள்ளுபடி வீதம் 5 சதவீதம். அந்த 10 கோடியின் இன்றைய மதிப்பு 3.77 கோடிதான். முதல் நாள் பதிவில் இந்தத் தொகையை மேடை என்ற சொத்தில் பற்று வைத்து, அகற்றுதல் ஒதுக்கீட்டில் வரவு வைக்கிறார்கள்.

ஓராண்டு கழிகிறது. அகற்றும் நாள் ஓராண்டு நெருங்கிவிட்டதால் கடனின் இன்றைய மதிப்பு தானாகவே ஏறிவிடுகிறது. 3.77 கோடிக்கு 5 சதவீதம், அதாவது 18.84 லட்சம். பதிவு இவ்வளவே:

நிதிச் செலவு – பற்று 18.84 லட்சம்
அகற்றுதல் ஒதுக்கீடு – வரவு 18.84 லட்சம்

வங்கிக் கணக்கு இதில் வரவே இல்லை. ஒரு காசும் வெளியே போகவில்லை. அடுத்த ஆண்டு ஏறிய நிலுவையான 3.96 கோடிக்குக் கணக்கிடுவதால் செலவு 19.79 லட்சமாகிறது. கடைசி ஆண்டில் அது 47.62 லட்சம். ஒதுக்கீடும் சரியாக 10 கோடியைத் தொடுகிறது. மொத்தத்தில் 6.23 கோடி, நிதிச் செலவாகவே லாப நட்டக் கணக்கைக் கடந்து போயிருக்கும். அந்தத் தொகையை 20 ஆண்டுக்கும் சமமாகப் பங்கிட்டு எழுதுவது தவறு. மேடை கட்டி முடிந்திராவிட்டாலும் இதைச் சொத்தின் விலையில் ஏற்றக்கூடாது.

சொத்தில் ஏற்றிய 3.77 கோடிக்குத் தேய்மானம் தனி. நேர்கோட்டு முறையில் அதுவும் ஆண்டுக்கு 18.84 லட்சம். 20-இல் ஒரு பங்கும் 5 சதவீதமும் ஒன்றே என்பதால் வந்த தற்செயல் இது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றை விட்டுவிட்டால் ஒதுக்கீடு ஏறாமல் நின்றுவிடும்.

ஆண்டறிக்கையின் ஒதுக்கீட்டுக் குறிப்பில் வாசகரே இதைச் சரிபார்க்கலாம். தொடக்க நிலுவையை வீதத்தால் பெருக்கினால் நிதிச் செலவுக்குப் பக்கத்தில் வரவேண்டும். வெகுவாக விலகினால், மதிப்பீட்டு மாற்றம் எதுவும் இதற்குள் கலந்திருக்கிறதா என்று கேட்கலாம்.

கலக்கக் கூடாதது அதுதான். பத்தாம் ஆண்டு முடிவில் வீதம் 4 சதவீதமாக இறங்குகிறது என்று வையுங்கள். 6.14 கோடியாக இருந்த ஒதுக்கீடு 6.76 கோடியாகிவிடும். ஏறிய சுமார் 62 லட்சம் நிதிச் செலவில் சேராது. சொத்தை அடக்கவிலையில் வைத்திருக்கும் நிறுவனம் அதை மேடையின் மதிப்பில் கூட்டி, மிச்சமுள்ள ஆண்டுகளில் தேய்மானமாக எழுதும். கடன் இப்படிப் பெருத்தாலும், அடுத்த ஆண்டின் நிதிச் செலவு 30.70 லட்சத்துக்குப் பதில் 27.02 லட்சமாகக் குறைகிறது.