தரை ஏன் மறுபடி ஈரமாகிறது?

சிறிய லேத் பட்டறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் அடியில் எண்ணெய் கசிகிறது. காலையில் மரத்தூள் தூவுகிறார்கள். மாலைக்குள் மறுபடி ஈரம். நடைபாதையை இரும்புக் கம்பிகள் அடைத்திருப்பதால் அந்த ஈரத்தை மிதித்தே போக வேண்டும். வழுக்கினால், பிடிமானம் தேடும் கை சுழலும் சக்கில் படும்.

ஜப்பானின் ‘ஐந்து எஸ்’ முறை இதைப் படிப்படியாகத் தீர்க்கிறது. முதலில் ‘செய்ரி’: உபயோகமில்லாத பொருள்களுக்குச் சிவப்புச் சீட்டு கட்டி, குறித்த கெடுவுக்குள் யாரும் கேட்காவிட்டால் அகற்றுவது. அடுத்து ‘செய்டன்’: கம்பிகளுக்கு ஒரு தாங்கி, நடைபாதைக்கு மஞ்சள் கோடு.

மூன்றாவதான ‘செய்சோ’வில்தான் சூட்சுமம். சுத்தம் செய்வதே சோதனையும் ஆகிறது. இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் துடைக்கும்போது, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். தேய்ந்த ஆயில் சீலை மாற்றிவிட்டால் மரத்தூளுக்கு வேலையில்லை.

யார், எப்போது பார்ப்பது என்று எழுதி மாட்டுவது ‘செய்கெட்சு’. அதைத் தினமும் தவறாமல் செய்வது ‘ஷிட்சுகே’.

இயந்திரத்தின் பாதுகாப்பு மூடிக்கு இது மாற்று அல்ல. ஆனால் துடைத்த இடமே மறுநாளும் ஈரமாக இருந்தால், காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று பொருள்.