இணைந்த கட்டங்களைப் பிரித்து நிரப்புவது எப்படி?

இணையப் பக்கத்தில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் மாவட்டம், அடுத்து தாலுகா, கடைசியில் மாவட்டத்தின் பரப்பளவு. ‘பெரம்பலூர்’ என்ற பெயர் நான்கு வரிகளுக்கும் பொதுவாக ஒரே உயரமான கட்டத்தில் நிற்கிறது. பக்கத்தில் பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர். கீழே அரியலூரும் அதன் நான்கு தாலுகாக்களும். படிக்க அழகு. ஆனால் எக்செலில் ஒட்டி, பெரம்பலூரை மட்டும் ஃபில்டர் செய்தால் ஒரே ஒரு தாலுகாதான் வரும்.

காரணம் பக்கத்தின் எச்டிஎம்எல் குறியீட்டில் இருக்கிறது:

```
<tr><td rowspan="4">பெரம்பலூர்</td><td>பெரம்பலூர்</td>…</tr>
<tr><td>குன்னம்</td></tr>
```

மாவட்டப் பெயர் முதல் வரியில் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் வரியில் குன்னம் மட்டுமே உண்டு. இதை வெறும் எழுத்தாக ஒட்டினால் நிலைமை இன்னும் மோசம். `rowspan` தகவல் தொலைந்து, குன்னம் இடப்பக்கம் நகர்ந்து மாவட்டப் பத்தியில் உட்கார்ந்துவிடும். மாவட்டப் பத்தியில் தாலுகா பெயர் தெரிந்தால், இதுதான் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அதை அழித்துவிட்டு, சாதாரண Ctrl+V கொண்டு மறுபடி ஒட்டுங்கள். இணைந்த கட்டங்கள் இணைந்தபடியே வரும்.

இனி முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து Unmerge Cells கொடுங்கள். பெயர் மேல் கட்டத்தில் நிற்கும். கீழே மூன்று கட்டங்கள் காலியாகும். தலைப்பு முதல் வரியில் இருப்பதாக வைத்துக்கொண்டு, காலியாக உள்ள D பத்தியின் இரண்டாம் வரியில் இதை எழுதிக் கடைசி வரை இழுங்கள்:

```
=IF(A2="",D1,A2)
```

A கட்டம் காலியாக இருந்தால் மேலே உள்ள விடையை எடு, இல்லாவிட்டால் A-யில் உள்ளதையே எடு என்பது இதன் பொருள். எட்டு வரிகளிலும் மாவட்டப் பெயர் வந்துவிடும். கூகுள் ஷீட்ஸிலும் இதே சூத்திரம் வேலை செய்யும். பிறகு D2 முதல் கடைசி வரை உள்ளதை நகலெடுத்து, Paste Special-இல் Values தேர்ந்து A2-இல் தொடங்கி ஒட்டிவிட்டு, D-யை நீக்கிவிடலாம். இதைச் செய்யாமல் வரிசைப்படுத்தினால், ஒவ்வொரு சூத்திரமும் புதிதாகத் தன் மேலே வந்த வரியைப் பார்த்து, தாலுகாக்களை வேறு மாவட்டத்தில் சேர்த்துவிடும்.

எல்லாப் பத்தியையும் இப்படி நிரப்பக் கூடாது என்பதுதான் பலரும் தவறவிடும் இடம். பரப்பளவு மாவட்டம் முழுவதற்குமான ஒரே எண். அதை நான்கு வரியிலும் நிரப்பிக் கூட்டினால், பெரம்பலூர் நான்கு மடங்கு பெரிதாகிவிடும். அத்தகைய எண்களை மாவட்டத்துக்கு ஒரு வரி என்று தனித் தாளில் வைப்பதே சரி. அதேபோல, மூலத்திலேயே தகவல் இல்லாமல் விடப்பட்ட கட்டமும் உண்டு. பிரித்த பிறகு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதால், பிரிப்பதற்கு முன்பே அவற்றில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

முடித்ததும் `=COUNTIF(A:A,"பெரம்பலூர்")` போட்டுப் பாருங்கள். விடை 4 வர வேண்டும். வராவிட்டால் அந்தத் தாளை யாருக்கும் அனுப்பாதீர்கள்.