நாளிதழுக்கு ஒரு கடிதம்: அனுப்பும் முன் செப்பனிடல்

நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவோர், எழுதி முடித்தவுடன் அதனை உறையிலிட்டுவிடுகின்றனர். அச்சில் ஏறிய பிழையைப் பின்னர்த் திருத்த இயலாது. எனவே, கடிதத்தை எவ்வாறு செப்பனிடுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம். சேலம் மாவட்டம் மேச்சேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி, தன் கடிதத்தின் முதல் படியைப் பின்வருமாறு எழுதியதாகக் கொள்வோம்.

“எங்கள் ஊரிலிருந்து பொட்டனேரி வழியாக செல்லும் மாலை பேரூந்து தினமும் வருவதில்லை. ரொம்ப நேரம் காத்திருக்கும் மாணவிகள் இருட்டிய பிறகே வீடு போய் சேருகிறது. பலமுறை முயற்ச்சி செய்தும் அதிகாரிகள் கண்டுக்கவே இல்லை. நமது குறையை தாங்கள் வெளியிட வேண்டுகிரேன். நீங்க மனசு வைத்தால் நடக்கும்.”

பலரும் முதலில் ஒற்றெழுத்துகளைத் தேடுவர். அது பயனற்ற உழைப்பாகலாம். சொற்கள் மாறினால் சந்தியும் மாறும். ஆதலால் பொருள், நடை, இயைபு, எழுத்து, சந்தி என்னும் வரிசையில் பார்ப்பதே நன்று.

பொருள்: ‘தினமும் வருவதில்லை’ என்னும் தொடர் இருபொருள் தருகிறது. பேருந்து எந்நாளும் வருவதில்லை என்பது ஒன்று. சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை என்பது மற்றொன்று. முதற்பொருளைக் கொள்பவர், “நேற்று வந்ததே!” என்று கூறிக் கடிதம் முழுவதையும் மறுத்துவிடலாம். பேருந்து வராத நாள்களை மாணவி தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பின், அந்த எண்ணிக்கையே தக்க சான்றாகும். ‘எங்கள் ஊர்’ என்பதும் ஊர்ப்பெயராக மாறவேண்டும். இதழைப் படிப்போர் அனைவரும் அவ்வூரார் அல்லர்.

நடை: ‘ரொம்ப’, ‘கண்டுக்கவே இல்லை’, ‘மனசு’ ஆகியன பேச்சு வழக்கு. ‘தாங்கள்’ என்று தொடங்கியவர் ‘நீங்க’ என்று முடிப்பது மதிப்பு நிலையைக் குலைக்கிறது. ‘கண்டுக்கவே இல்லை’ என்பதில் சினமும் கலந்துள்ளது. அதிகாரிகளின் மனநிலையை மாணவி அறியாள். விண்ணப்பத்திற்கு மறுமொழி வரவில்லை என்பதையே அறிவாள். அறிந்ததை மட்டும் எழுதினால் நடையும் அமைதி பெறும்.

இயைபு: ‘மாணவிகள்’ என்னும் உயர்திணைப் பன்மை எழுவாய், ‘சேருகிறது’ என்னும் அஃறிணை ஒருமைப் பயனிலையைப் பெற்றுள்ளது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே பல சொற்கள் வரும்பொழுது இப்பிழை மிகுதியாக நேர்கிறது. ‘நமது குறை’ என்பது இதழாசிரியரையும் உட்படுத்தும். குறை மாணவியருடையது ஆதலின் ‘எங்கள் குறை’ என்பதே பொருந்தும்.

எழுத்து: பெருமை + உந்து = பேருந்து; இதில் ‘ரு’ குறிலே. ட், ற் ஆகிய மெய்களை அடுத்து மற்றொரு மெய் வாராது; எனவே ‘முயற்சி’ என்பதே சரி. ‘கிறு’ நிகழ்கால இடைநிலை ஆதலின் ‘வேண்டுகிறேன்’ என வல்லின றகரம் வரும்.

சந்தி: ‘போய் சேருகிறது’ என்பதை ‘வீடு சேர்ந்தனர்’ என மாற்றினால் அங்கு ஒற்றுக்கு இடமே இல்லை. எஞ்சியவற்றுள் ‘வழியாகச் செல்லும்’, ‘மாலைப் பேருந்து’, இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்ட ‘குறையைத் தங்கள்’ ஆகிய இடங்களில் வல்லினம் மிகும். எல்லா இடத்தும் ஒற்றிடுதலும் பிழையே. ‘வந்த பேருந்து’ போன்ற பெயரெச்சத் தொடரில் வல்லினம் மிகாது.

திருந்திய கடிதம் இவ்வாறு அமையும்:

“மேச்சேரியிலிருந்து பொட்டனேரி வழியாகச் செல்லும் மாலைப் பேருந்து, சென்ற மாதம் 9 நாள்கள் வரவில்லை. அந்நாள்களில் நெடுநேரம் காத்திருந்த மாணவிகள், இருட்டிய பின்னரே வீடு சேர்ந்தனர். இதனால் சிலர் மாலைச் சிறப்பு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டனர். இதுகுறித்து நாங்கள் இருமுறை விண்ணப்பம் அளித்தும் மறுமொழி கிடைக்கவில்லை. பேருந்து நாள்தோறும் குறித்த நேரத்தில் வர ஆவன செய்ய வேண்டும். எங்கள் குறையைத் தங்கள் இதழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.”

சிறப்பு வகுப்பை இழந்த செய்தி முதல் படியில் இல்லை என்பதை நோக்குக. சினச்சொற்கள் நீங்கிய இடத்தில்தான், பேருந்து வராததால் நேர்ந்த உண்மையான இழப்பு வெளிப்பட்டது. விண்ணப்பம் அளித்தோர் பலர் ஆதலின் ‘நாங்கள்’ என்றும், கடிதத்தில் ஒப்பமிடுபவர் ஒருவரே ஆதலின் ‘வேண்டுகிறேன்’ என்றும் அமைந்தன.

கற்பவை கற்றபின்

1. ‘எல்லா மாணவரும் வரவில்லை’ என்னும் தொடர் தரும் இருபொருள்களையும் தனித்தனித் தொடர்களாக எழுதுக.
2. உம் ஊரின் குறை ஒன்றைப் பற்றிக் கடிதம் எழுதி, மேற்கண்ட வரிசையில் செப்பனிடுக.