மாலை மாற்றும் இடத்தில் விழும் கோடுகள்

1990களில் எடுத்த கல்யாண கேசட் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பொண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கைகளின் ஓரமும் மாலையின் ஓரமும் சீப்பின் பற்களைப் போலக் கிழிந்து நிற்கும். ஒரு வரி இடப்பக்கம், அடுத்த வரி வலப்பக்கம் என்று மாறி மாறி நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே அசையாமல் இருக்கும் மண்டபத் தூணில் இந்தக் கோளாறு துளியும் இருக்காது. ஸ்டூடியோக்காரர்கள் இதைக் கோம்பிங் என்பார்கள். வீட்டில் உள்ளவர்கள் கேசட் ஈரத்தில் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

கேசட்மேல் பழி போடுவதற்கு முன், அது படத்தை எப்படிப் பதிந்து வைத்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். விஹெச்எஸ் டெக்கின் உள்ளே ஓர் உருளை இருக்கிறது. நம் நாட்டு டிவி முறையான ‘பால்’ முறையில் அது நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25 சுற்று சுற்றும். உருளையில் எதிரெதிராக இரண்டு ஹெட்கள். ஒவ்வொரு ஹெட்டும் அரைச் சுற்றில் டேப்பின்மேல் சாய்வாக ஒரு தடம் போடுகிறது. அந்தத் தடத்தில் இருப்பது முழுப்படம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் 576 வரிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக 288 வரிகள்தான். இதற்கு ஃபீல்டு என்று பெயர். மீதி 288 வரிகள் அடுத்த தடத்தில், ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கழிந்த பிறகு பதிவாகின்றன. ஆக, டேப்பில் நொடிக்கு 25 முழுப்படங்கள் இல்லை. வேறு வேறு கணங்களைச் சேர்ந்த 50 அரைப்படங்கள் இருக்கின்றன.

டிவி தொடங்கிய காலத்திலேயே வந்த ஏற்பாடு இது. 1936இல் லண்டன் அலெக்சாண்டிரா பேலஸிலிருந்து பிபிசி ஒளிபரப்பிய 405 வரிப் படமும் இப்படித்தான் இரண்டு பாதியாகப் போனது. நொடிக்கு 25 தடவை மட்டும் திரை ஒளிர்ந்தால் கண் கூசும்படி படபடக்கும். 50 முழுப்படங்களை அனுப்பினால் அலைவரிசையில் இரட்டிப்பு இடம் வேண்டும். பாதிப் பாதியாக 50 தடவை அனுப்பினால் இரண்டு தொல்லையும் தீர்ந்தது. பழைய பெட்டி டிவி முதலில் ஒற்றைப்படை வரிகளை வரையும். அவை மங்கி மறையும்போது இரட்டைப்படை வரிகளை வரையும். இரண்டையும் ஒரே நேரத்தில் அது காட்டியதே இல்லை. அதனால்தான் அதில் பற்கள் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் அந்த இரண்டு பாதிகளையும் ஒன்றாகப் பின்னி ஒரே ஃபிரேமாகக் காட்டுகிறது. கணக்குப் போட்டால் பல்லின் நீளம்கூடக் கிடைத்துவிடும். 720 புள்ளி அகலமுள்ள படத்தை ஒருவர் 2 நொடியில் நடந்து கடக்கிறார் என்றால், நொடிக்கு 360 புள்ளி. ஐம்பதில் ஒரு நொடியில் அவர் நகர்வது சுமார் 7 புள்ளி. அவருடைய வேட்டியின் ஓரத்தில் பல் 7 புள்ளி நீளும். தவில் அடிப்பவரின் கோலில் இன்னும் எவ்வளவோ நீளும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவுக்குப் பல்லே கிடையாது.

கல்யாண வீடியோவுக்கே உரிய இன்னொரு வேடிக்கை உண்டு. போட்டோகிராபர் ஃபிளாஷ் அடிக்கும் கணத்தில் யாருமே அசையாவிட்டாலும் முழுப்படமும் வெள்ளையும் கறுப்புமாகக் கோடு கோடாகிவிடும். ஃபிளாஷின் ஒளி கண நேரந்தான். அது ஒரு ஃபீல்டில் விழுந்துவிட்டு, அடுத்ததற்கு இல்லாமல் போய்விடுகிறது. இரண்டையும் பின்னியதும் வரிக்கு வரி பகலும் இரவும்.

இந்தப் பின்னலைப் பிரிக்கும் வேலைதான் டீஇன்டர்லேஸ். அதைச் சோம்பேறித்தனமாகச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதியுள்ள 288 வரிகளை இழுத்து நிரப்புவது ஒன்று. கோடுகள் போய்விடும், கூடவே பாதிப் படமும் போய்விடும். விஹெச்எஸ் அகலவாக்கில் ஏற்கெனவே மங்கலான சங்கதி. அது ஓரளவு நேர்மையாகக் காப்பாற்றியது மேலிருந்து கீழாக உள்ள வரிகளைத்தான். அதில் பாதியை வெட்டி எறிவது அநியாயம். இரண்டு ஃபீல்டையும் கலந்து குழைத்துவிடுவது இன்னொன்று. இதில் நடந்து போகிறவருக்குப் பின்னால் அவருடைய ஆவியும் நடக்கும். ஒரு கைக்கு இரண்டு நிழல்கள் தெரிந்தால், உங்கள் வீடியோவுக்கு இந்த வைத்தியம்தான் நடந்திருக்கிறது.

சரியான வழி, 50 ஃபீல்டுகளிலிருந்து 50 முழுப்படங்களை உருவாக்குவது. ஒவ்வொரு ஃபீல்டிலும் இல்லாத வரிகளை மென்பொருள் முன்னும் பின்னும் உள்ள ஃபீல்டுகளைப் பார்த்து நிரப்புகிறது. அசையாத இடமென்றால் பக்கத்து ஃபீல்டின் வரியை அப்படியே எடுத்து வைக்கிறது. அசையும் இடத்தில் மேல்வரியையும் கீழ்வரியையும் வைத்து ஊகிக்கிறது. இலவச மென்பொருளான ffmpeg-இல் உள்ள bwdif என்ற வடிகட்டி இதை நன்றாகச் செய்யும். பிபிசி ஆய்வுப் பிரிவில் மார்ட்டின் வெஸ்டன் வகுத்த முறையும் yadif என்ற பழைய வடிகட்டியும் அதில் சேர்ந்திருக்கின்றன. பல மென்பொருள்களின் இயல்பான அமைப்பு 25 படங்கள்தான் தரும். கோடு போய்விட்டதே என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்வோம். ஆனால் பெட்டி டிவியில் பார்த்த அந்த வழுக்கும் அசைவு அதில் வராது.

தொடங்குவதற்கு முன் ஒன்று தெரிந்தாக வேண்டும்: எந்த ஃபீல்டு முந்தியது? மேல் வரியில் தொடங்குவது முதலில் என்றால் TFF, கீழ் வரியில் தொடங்குவது முதலில் என்றால் BFF. டிவி கேமரா வழியாக, அதாவது டிவி-யின் சின்ன கேசட்டான மினிடிவி கருவிகள் வழியாக மாற்றினால் BFF. சாதாரண கேப்சர் கருவிகளில் வருவது பெரும்பாலும் TFF. நம்பிவிடாமல் சோதித்துக்கொள்ளுங்கள். ஆட்கள் நன்றாக நடமாடும் 40 நொடியை, அதாவது 1000 ஃபிரேம்களை, இப்படி எண்ணவிடலாம்:

```
ffmpeg -ss 00:12:00 -i kalyanam.avi -vf idet -frames:v 1000 -an -f null -
```

முடிவில் TFF, BFF, Progressive, Undetermined என்று எண்கள் வரும். இரண்டில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு இருந்தால் அதுதான் விடை. பழைய டேப்பின் இரைச்சலால் Undetermined கூடுதலாக வந்தால் பயப்பட வேண்டாம், அசைவு அதிகமுள்ள வேறு இடத்தைக் கொடுத்துப் பாருங்கள். வரிசையைத் தப்பாகக் கொடுத்தால் கோடுகள் மறைந்தாலும், நடப்பவர் இரண்டடி முன்னால் போய் ஓரடி பின்னால் வந்து துடிதுடிப்பார். ஒரு தடவை பார்த்தால் அந்தத் துடிப்பு மறக்காது.

TFF என்று தெரிந்ததும் வேலை இது:

```
ffmpeg -i kalyanam.avi -vf "bwdif=mode=send_field:parity=tff:deint=all,scale=768:576,setsar=1" -c:v libx264 -crf 18 -preset slow -pix_fmt yuv420p -c:a aac -b:a 192k kalyanam_50p.mp4
```

send_field என்பது ஃபீல்டுக்கு ஒரு படம், ஆக நொடிக்கு 50. இந்த வரியில் scale என்ற அளவு மாற்றம் bwdif-க்குப் பின்னால் நிற்பதைக் கவனியுங்கள். அந்த வரிசையை மாற்றக் கூடாது. நான் பார்த்த கெட்டுப்போன வீடியோக்களில் பெரும்பாலானவை இங்கேதான் கெட்டிருக்கின்றன. பின்னல் பிரியாத படத்தைப் பெரிதாக்கினாலோ சிறிதாக்கினாலோ, ஒற்றை வரியும் இரட்டை வரியும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். பிறகு எந்த ஃபீல்டு எது என்று எந்த மென்பொருளாலும் பிரித்தெடுக்க முடியாது.

அப்படி நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க, நிறுத்திய படத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பல்லும் சரியாக ஒரு வரி உயரத்தில், கத்தரித்தது போல் இருந்தால் காப்பாற்றிவிடலாம். பற்கள் தடித்தும் மெலிந்தும் மங்கலாகவும் கலந்திருந்தால் யாரோ முன்பே அளவை மாற்றிவிட்டார்கள். டேப்பைத் தேடியெடுத்து மறுபடி ஓட்டுவதைத் தவிர வழியில்லை. மலிவாகக் கிடைக்கும் ஏவி-ஹெச்டிஎம்ஐ மாற்றிப் பெட்டிகளை இதனால்தான் நான் யாருக்கும் சொல்வதில்லை. அவை தங்களுக்குத் தெரிந்தபடி பின்னலைப் பிரித்து, படத்தையும் இழுத்துவிட்டுத்தான் வெளியே அனுப்புகின்றன. கேப்சர் செய்யும்போதே 720x576, நொடிக்கு 25 ஃபிரேம், ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லாத வடிவம் என்று அமைத்துவிட வேண்டும். கோப்பு பெரிதாகத்தான் இருக்கும்.

ஒரே கேசட்டில் எல்லாமே இப்படி இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மீதி இடத்தில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் பதிந்து வைத்திருப்பார்கள். சினிமா ஃபிலிமில் ஒரு ஃபிரேம் ஒரே கணம். ‘பால்’ ஒளிபரப்பில் அது இரண்டு ஃபீல்டாகப் பிரிந்து போனாலும் இரண்டும் ஒரே கணத்தின் பாதிகள்தாம். சேர்த்து வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும், பல் வராது. அந்தப் பகுதிக்கு idet கூடுதலாக Progressive என்று சொல்லும். அதைத் தனியே வெட்டி, டீஇன்டர்லேஸ் செய்யாமல் விட்டுவிடுவதே நல்லது.

bwdif-ஆல் முடியாத ஒன்று பட்டுப்புடவையின் ஜரிகை. படுக்கைவாட்டில் ஓடும் மெல்லிய கோடு ஒரு ஃபீல்டில் இருந்து அடுத்ததில் இல்லாமல் போவதால், கரை மினுமினுவென்று மேலும் கீழும் துள்ளும். அதற்கு QTGMC என்ற வேறொரு கருவி இருக்கிறது. பல ஃபிரேம்களின் அசைவைத் தொடர்ந்து கணக்கிட்டு அது இந்தத் துள்ளலை அடக்கும், டேப் இரைச்சலையும் கொஞ்சம் குறைக்கும். விலை, நேரம். சாதாரணக் கம்ப்யூட்டரில் 3 மணி நேரக் கேசட்டை ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போக வேண்டியிருக்கும். அதன் உயர்ந்த அமைப்புகளில் முகங்கள் மெழுகு பூசியது போலாகும் ஆபத்தும் உண்டு. ஜரிகை அடங்கினால் போதும் என்று நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

எல்லாம் செய்த பிறகும் தூணின் ஓரம் பாம்பு போல நெளிந்தால், அது கோம்பிங் இல்லை. அசையும் பொருளில் மட்டும் வந்தால் ஃபீல்டுப் பிரச்சினை. அசையாத தூணிலும் வரிகள் நழுவினால் டேப் ஓடும் வேகம் நடுங்கியிருக்கிறது. அதை டேப் ஓடும்போதே டைம் பேஸ் கரெக்டர் உள்ள கருவியால்தான் பிடிக்க வேண்டும். டீஇன்டர்லேஸ் எதுவும் அதைத் தொடாது.

வெளியே கொடுத்து மாற்றுகிறவர்கள் இரண்டு கோப்புகளைக் கேளுங்கள்: பார்ப்பதற்கு நொடிக்கு 50 படமுள்ள எம்பி4, பத்திரப்படுத்துவதற்கு டீஇன்டர்லேஸ் செய்யாத, கோடுகளோடேயே உள்ள 720x576 மூலக்கோப்பு. பிரித்த படத்தைத் திரும்பப் பின்ன முடியாது. நாளைக்கு ஜரிகையை இன்னும் நன்றாகக் காட்டும் கருவி வந்தால், அதற்கு வேண்டியது இந்தக் கோடு போட்ட கோப்புதான். வாங்கும்போதே கடையில் மாலை மாற்றும் இடத்தை ஓட்டி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கை கொஞ்சம் இடம் மாற வேண்டும். இரண்டு தடவைக்கு ஒருமுறைதான் மாறுகிறது என்றால், 25 படத்தை இரட்டித்து 50 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.