வெல்வெட்டின் முடி எந்தப் பக்கம்?

வெல்வெட்டை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் கை தடைபடும். வழுக்கும் திசைதான் முடி படிந்திருக்கும் திசை. பாவாடையின் ஒரு துண்டில் முடி கீழ்நோக்கியும் அடுத்ததில் மேல்நோக்கியும் இருந்தால், ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். தைத்தபின் திருத்த வழியில்லை. அதனால் வெட்டுவதற்கு முன்பே துணியின் பின்புறம் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு, எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வையுங்கள். துணி சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். முடி மேல்நோக்கி இருந்தால் நிறம் ஆழமாகத் தெரியும். வெல்வெட்டில் எனக்கு அதுவே பிடிக்கும். அடிக்கடி தேயும் கார்டுராய் கால்சட்டைக்குக் கீழ்நோக்கி இருப்பதே நல்லது.

நடுத்தர வெல்வெட்டுக்கு 12ஆம் எண் ஊசி, தடித்த கார்டுராய்க்கு 14 அல்லது 16. இரண்டு வெல்வெட் முகங்கள் சேரும்போது முடிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் மேல்துணி நகர்ந்து ஓரம் கோணிவிடும். முதலில் கையால் நூலோட்டம் போட்டு, 3 மில்லிமீட்டர் தையலில், முடி படிந்த திசையிலேயே மிஷினை ஓட்டுங்கள்.

இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் முடி நசுங்கி, அந்தத் தடம் பளபளவென்று நின்றுவிடும். மிஞ்சிய வெல்வெட் துண்டை முடி மேலே இருக்கும்படி விரித்து, அதன்மேல் துணியைக் கவிழ்த்து, பெட்டி படாமல் ஒரு விரல்கடை உயரத்தில் பிடித்து ஆவி காட்டுங்கள். தையலை விரல்நுனியால் பிரித்துவிட்டு, ஈரம் காயும்வரை துணியை அசைக்காதீர்கள்.