கண் கண்டதும் காது கேட்டதும்

நாம் வாழும் நகரின் சிறிய நூதனசாலை ஒன்று, அகதிகள் விட்டுவந்த வீட்டுப் பொருட்கள் பற்றிய காட்சியொன்றை அண்மையில் ஒழுங்கு செய்தது. யாழ்ப்பாணக் குடும்பமொன்று அதற்குக் கொடுத்தது குத்துவிளக்கை அன்று, அதன் புகைப்படத்தையே. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது விளக்கு வீட்டில் நின்றுவிட்டது. பின்னர் திரும்பிச் சென்றவர்கள் அதனைக் காணவில்லை. படத்தின் கீழ் வைப்பதற்கு ஐம்பது சொற்களுக்கு மேற்படாத குறிப்பு எழுதும் பணி எம்மிடம் வந்தது.

'முந்நூறு ஆண்டுப் பழமையான ஐந்துமுகப் பித்தளைச் சேவல் விளக்கு' என்று குடும்பத்தினர் எழுதித் தந்திருந்தனர். ஒவ்வொரு சொல்லையும் படத்தோடு ஒப்பிட்டோம்.

பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. மஞ்சள் மின்னொளியில் எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஐயமுள்ள இடத்தில் நூதனசாலைகள் 'செப்புக் கலப்புலோகம்' என எழுதுவது இதனாலேயே.

படக்கருவி தகழியின் மட்டத்தில் இருந்தமையால் முன்புறத்து மூன்று முகங்களே தெரிகின்றன. பக்கத்து முகங்கள் இரண்டும் எம்மை நோக்கிச் சற்றே திரும்பியுள்ளன. நான்கு முக விளக்காயின் அவை நேர் பக்கவாட்டில் நின்றிருக்கும். ஆகவே ஐந்து என்பது பொருந்தும். ஆயினும் கண்டது மூன்றே.

உச்சியிலுள்ள பறவைக்கு வால் நிமிர்ந்திருக்கிறது. கொண்டை இருந்தால் சேவல் எனத் துணியலாம். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கியதில் தலை மழுங்கிவிட்டது. அத்தேய்மானம் எத்தனை முறை துலக்கினர் என்பதைக் காட்டுமேயன்றி, எத்தனை ஆண்டு சென்றது என்பதைக் காட்டாது. எனவே முந்நூறு ஆண்டை விலக்கினோம். அருகில் அளவுகோல் இல்லாமையால் உயரத்தையும் எழுதவில்லை.

குடும்பத்தினர் எழுதாத ஒன்று படத்தில் இருந்தது: இடப்புற முகத்தின் நுனி உட்புறமாக நெளிந்திருந்தது. முடிவில் குறிப்பு இவ்வாறு அமைந்தது:

'குத்துவிளக்கு. செப்புக் கலப்புலோகம், பித்தளையாகத் தோன்றுகிறது. அகன்ற வட்டப் பாதம், நான்கு கணுக்கள் கொண்ட தண்டு. தகழியில் மூன்று முகங்கள் தெரிகின்றன. இடப்புற முகத்தின் நுனி நெளிந்துள்ளது. உச்சியில் தலை தேய்ந்த பறவை. ஐந்துமுகச் சேவல் விளக்கு என்பதும், பூட்டியின் சீதனம் என்பதும் குடும்பத்தினர் கூற்று. 1995 இல் யாழ்ப்பாணத்தில் விடப்பட்டது.'

கண்டது முன்னும் கேட்டது பின்னுமாக நிற்கின்றன. இரண்டையும் கலந்திருந்தால், ஒன்றில் எழும் ஐயம் மற்றதையும் பற்றியிருக்கும்.

வாசித்த தாயார் முதலில் முகம் வாடினார். பின்னர் நெளிவு பற்றிய வரியில் விரலை வைத்து, "மூத்தவன் தவழுற வயசிலை இழுத்து விழுத்தினது" என்றார். ஐந்துமுகச் சேவல் விளக்குகள் ஊரில் எத்தனையோ வீடுகளில் இருந்தன. அவ்விளக்கு என்றேனும் ஒரு கடைத்தட்டில் தென்படுமாயின், அதனை இனங்காட்டப் போவது அந்த நெளிவே.