மாடிப்படியில் நிற்கும் மெத்தை

சென்னையில் மூன்று மாடி, பன்னிரண்டு வீடுகள், லிஃப்ட் இல்லாத ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர் புதுக் கட்டிலும் மெத்தையும் வாங்குகிறார். இறக்கிவிட வந்தவர்கள் பழையதை எடுத்துப்போக மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஓடாத வாஷிங் மெஷினும், தண்ணீரில் ஊறிப் பலகை பிதுங்கிய ஓர் அலமாரியும் இரவோடு இரவாகக் கீழே இறங்கி, கேட்டுக்குப் பக்கத்துச் சுவரோரம் நிற்கின்றன. பழைய ஃபோம் மெத்தை மட்டும் படி திரும்பும் இடத்தைத் தாண்டவில்லை. காலையில் குப்பை வண்டி வரும், எடுத்துப்போய்விடுவார்கள் என்று அவர் நினைத்தார்.

வண்டி வந்தது, போனது. மெத்தை நின்ற இடத்திலேயே நிற்கிறது. நான்காம் நாள் அசோசியேஷன் செக்ரட்டரியிடமிருந்து தாம்பரத்தில் இருக்கும் ஹவுஸ் ஓனருக்குப் போன் போகிறது. அடுக்ககத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் வீட்டின் உரிமையாளர். வாடகைக்காரர் கையெழுத்துப் போட்டது அவரோடு மட்டும்தான். அந்த விதித்தாளை வாடகைக்காரர் பெரும்பாலும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

குப்பை வண்டி ஏன் எடுக்கவில்லை? தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியில் இருப்பது மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்குமான தொட்டிகள். சமையலறைக் கழிவையும், பால் கவரையும், அட்டைப்பெட்டியையும் வாங்கிக்கொள்ள வந்த வண்டி அது. இரட்டைக் கட்டில் மெத்தையை அதில் மடக்கித் திணிக்க முடியாது. வாஷிங் மெஷினை ஒற்றை ஆளால் தூக்கவும் முடியாது. தூய்மைப் பணியாளர் கையில் இருநூறு ரூபாயைத் திணித்து அனுப்பிவைப்பவர்கள் உண்டு. அப்படிப் போகிற மெத்தை அடுத்த தெருக் காலிமனையில் போய் விழுந்தாலும் ஆச்சரியமில்லை. அது அப்புறப்படுத்துவதல்ல, இடம் மாற்றுவது.

படியில் நிற்கிற மெத்தையைப் பார்த்து அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பது அழகு கெடுகிறதே என்று மட்டும் அல்ல. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் அந்தப் படிதான் வெளியேறும் ஒரே வழி. ஃபோம் தீப்பிடித்தால் வேகமாக எரிந்து, கரும்புகையைக் கக்கும். நச்சுப் புகை படிக்கூண்டு வழியே புகைபோக்கியில் ஏறுவது போல மேலே ஏறும். மேல்மாடிக்காரர்களுக்கு இறங்க வழி இருக்காது. கீழே நிற்கும் வாஷிங் மெஷினில் இருப்பது வேறு ஆபத்து. மழை பெய்தால் அதன் மூடியிலும் உள்ளேயும் தண்ணீர் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த அளவு நல்ல தண்ணீரே போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்றும் இருக்க முடியாது. ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், அடுத்த மழையில் பொரிந்துவிடும்.

இனி ஹவுஸ் ஓனரின் பாடு. கோபத்தில் அவர் முதலில் தட்டச்சு செய்தது, “குப்பையை வெளியே போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று. அனுப்பியிருந்தால் பலன் இருந்திருக்காது. வாடகைக்காரர் மனதில் அது குப்பை போட்டதாகவே பதியவில்லை. வண்டிக்காரர் எடுப்பதற்காக வெளியே வைத்தார், அவ்வளவுதான். ஆகவே எந்தப் பொருள், எங்கே கிடக்கிறது, எந்த நாளுக்குள், எந்த வழியாக என்ற நான்கையும் சொல்ல வேண்டும். இரண்டாவதாக அவர் அனுப்பிய செய்தி இது:

“தம்பி, வணக்கம். செக்ரட்டரி போட்டோ அனுப்பியிருந்தார். படித் திருப்பத்தில் மெத்தையும், கேட் பக்கம் வாஷிங் மெஷினும் அலமாரியும் இருக்கு. பெரிய சாமான்களைப் பொது இடத்தில் வைக்கக் கூடாதுங்கறது நம்ம பில்டிங் விதி. தினமும் வர்ற வண்டி இதை எடுக்காது. மெத்தையை மட்டும் இன்னைக்கே வீட்டுக்குள்ள எடுத்து வெச்சிடுங்க, அது எல்லாரும் போற வழி. மத்ததுக்கு 1913-க்கு போன் பண்ணிப் பதிவு பண்ணுங்க, சனிக்கிழமை வந்து எடுப்பாங்க. விதித்தாளையும் அனுப்பியிருக்கேன். சிரமம் இருந்தா கூப்பிடுங்க.”

1913 என்பது சென்னை மாநகராட்சியின் புகார் எண். பழைய சோபா, மெத்தை, கட்டில் போன்றவற்றை வீட்டு வாசலில் வந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை மாநகராட்சி 2025 அக்டோபரில் தொடங்கியது. முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும், சனிக்கிழமைகளில் வருவார்கள். அதற்காக வெள்ளிக்கிழமை இரவே எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடக் கூடாது. வண்டி வந்த பிறகு இறக்குவதுதான் முறை. இறக்க ஆள் பிடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

எல்லாமே அந்த வண்டிக்குப் போக வேண்டும் என்பதும் இல்லை. வாஷிங் மெஷினில் மோட்டாரும் இரும்பும் இருப்பதால் அதற்கு விலை உண்டு. புதிது வாங்கும்போது கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவது சுலபம். இலவம்பஞ்சு மெத்தையாக இருந்தால் பஞ்சை அடித்துத் திரும்பத் தைத்துத் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல மரக்கட்டிலைத் தச்சர் வாங்கிக்கொள்வார். யாருக்கும் வேண்டாதது ஃபோமும், தூள் மரத்தை அழுத்திச் செய்த பலகையும்தான். காயலான் கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வீடு வீடாக இன்று வாங்கிக் குவிப்பதும் அவற்றைத்தான்.

சொல்லியும் கேட்காவிட்டால்? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வாடகைக்கு விட்ட இடத்தைத் தாண்டிக் கூடுதல் இடத்தை ஆக்கிரமிப்பதும், பொதுத் தொல்லை உண்டாகும்படி இடத்தைப் பயன்படுத்துவதும் அதில் தவறான பயன்பாட்டுக்குள் வரும். நிறுத்தச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்ந்தால் வீட்டைக் காலி செய்யக் கோரலாம். ஒரு மெத்தைக்காக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை, போகவும் வேண்டாம். ஆனாலும் முதல் செய்தியையே தேதியும் போட்டோவுமாக எழுத்தில் வைப்பது இதனால்தான்.

அதே சட்டம் ஹவுஸ் ஓனரின் கையையும் கட்டுகிறது. கோபத்தில் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது, ‘அந்த வீட்டுக் குப்பையை எடுக்காதே’ என்று வாட்ச்மேனிடம் சொல்வது எதையும் செய்ய முடியாது. அத்தியாவசியச் சேவைகளின் பட்டியலில் துப்புரவும் இருக்கிறது. அப்புறப்படுத்திய செலவை அட்வான்ஸில் கழிப்பதாக இருந்தால், அது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், ரசீதும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலி செய்யும் நாளில் அதுவே புதுச் சண்டையாகும்.

நம் கதையில் அந்த அளவுக்குப் போகவில்லை. மெத்தை அன்று மாலையே வீட்டுக்குள் போய்விட்டது. வாடகைக்காரரிடமிருந்து பதிலும் வந்தது.

“சாரி சார், தெரியாம வெச்சுட்டேன். மெத்தையும் வாஷிங் மெஷினும் என்னுதுதான், சனிக்கிழமைக்குப் பதிவு பண்ணிட்டேன். ஆனா அந்த அலமாரி நான் குடிவரும்போதே உள்ள இருந்தது. பாத்ரூம் லீக்கை மூணு மாசமா சொல்லிட்டிருந்தேன், அதுலதான் ஊறிப்போச்சு. அதையும் சேர்த்து அனுப்பிடட்டுமா?”

வீட்டோடு விட்ட பொருட்களைப் பட்டியல் போட்டு ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. ஓனரின் பொருளை வாடகைக்காரர் தன் விருப்பத்துக்குத் தூக்கிப்போடவும் முடியாது, பத்திரமாக வைத்திருக்கவும் இடமில்லை. தாம்பரத்திலிருந்து பதில் வரச் சற்று நேரம் பிடித்தது. “அனுப்பிடுங்க தம்பி. தூக்குகூலியில பாதி நான் தர்றேன். பிளம்பரை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன்.”